பெற்றோரும் ஆசிரியரும் பேசும் செயலியில் மோசடிச் செய்திகளைத் தடுத்தல்: பயனர் வரம்பு, கைப்பேசி எண் சரிபார்ப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உங்கள் செயலியில் அப்படி என்னதான் நடந்தது?

தமிழ்மொழித் துணைப்பாடத்துக்கு ஆசிரியர் தேடும் சிங்கப்பூர்ப் பெற்றோருக்காக நாங்கள் மூவர் சேர்ந்து நடத்தும் சிறிய செயலி இது. ஆசிரியர் தம் விவரங்களைப் பதிந்துவைப்பார். பெற்றோர் பட்டியலைப் பார்த்து, தமக்குப் பொருத்தமானவருக்குச் செயலிக்குள்ளேயே செய்தி அனுப்புவார். ஒரு வெள்ளிக்கிழமை இரவு பத்தரை மணியளவில் ஒருவர் மின்னஞ்சல் முகவரியை மட்டும் கொடுத்துத் தம்மைப் பெற்றோராகப் பதிந்துகொண்டு, நாற்பது நிமிடத்துக்குள் 412 ஆசிரியர்களுக்கு ஒரே செய்தியை அனுப்பினார். வீட்டிலிருந்தபடியே வேலை, நாளுக்கு 150 வெள்ளி, விருப்பமுள்ளவர்கள் இந்த வாட்ஸ்அப் எண்ணுக்கு எழுதவும் என்பது அந்தச் செய்தி.

கணக்கை முடக்கினோம். ஆறே நிமிடத்தில் வேறொரு மின்னஞ்சலோடு அவர் திரும்பி வந்தார். இரவு ஒரு மணிக்குள் நான்கு கணக்குகளை முடக்கிவிட்டு, ஐந்தாவதும் வந்தபோது செய்தி அனுப்பும் வசதியையே காலைவரை நிறுத்திவைத்தோம். அதற்குள் ஓர் ஆசிரியை அந்த எண்ணுக்கு எழுதி, பதிவுக் கட்டணம் என்று 80 வெள்ளியும் அனுப்பிவிட்டார். உங்கள் செயலி வழியாக வந்தது என்பதால்தான் நம்பினேன் என்று அவர் சொன்னது இன்றும் எங்கள் மனத்தை உறுத்துகிறது. கீழே உள்ளவை அந்த இரவுக்குப் பிறகு நாங்கள் செய்தவையும், இதுபோன்ற செயலிகளை நடத்தும் நண்பர்கள் அவற்றைப் பற்றித் தொடர்ந்து கேட்டுவருபவையும் ஆகும்.

ஒருவருக்கு நாளொன்றுக்கு இத்தனை செய்திதான் என்று வரம்பு வைத்தால் போதாதா?

எங்களுக்கும் முதலில் தோன்றியது அதுதான். பழைய பதிவுகளை எடுத்துப் பார்த்தபோது, செய்திகளின் எண்ணிக்கை தவறான அளவுகோல் என்பது தெரிந்தது. உண்மையான தாய் ஒருவர் ஓர் ஆசிரியரிடம் பேசும்போது, சனிக்கிழமை முடியுமா, எத்தனை மணிக்கு, செங்காங் பக்கம் வருவீர்களா, பையன் தொடக்கநிலை ஐந்து என்று பத்து நிமிடத்தில் முப்பது சிறு செய்திகளை அனுப்பிவிடுகிறார். மோசடிக்காரரோ ஒவ்வோர் ஆசிரியருக்கும் ஒரே ஒரு செய்திதான் அனுப்புகிறார். நாளுக்கு 50 செய்தி என்று வரம்பு வைத்தால், அந்தத் தாய் இரண்டாவது ஆசிரியரிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே தடுக்கப்படுவார். மோசடிக்காரரோ 50 பேரைத் தடையின்றி அடைந்துவிடுவார்.

ஆகவே நாங்கள் எண்ணத் தொடங்கியது புதிய உரையாடல்களை. அதாவது, இதுவரை தம்மோடு பேசாத எத்தனை பேரை ஒருவர் கடந்த 24 மணி நேரத்தில் முதன்முறையாக அணுகியிருக்கிறார் என்பதை. தமக்கு வந்த செய்திக்குப் பதில் எழுதுவது இதில் சேராது. இதனோடு இன்னொரு சிறு விதியும் உண்டு: எதிர்த்தரப்பிலிருந்து ஒரு பதிலாவது வரும்வரை ஓர் உரையாடலில் இரண்டு செய்திகளுக்குமேல் அனுப்ப முடியாது. பதில் வந்துவிட்டால் உரையாடல் திறந்துவிடும். அதற்குப்பின் தாராளமான வேக வரம்பு மட்டுமே இருக்கும். ஒவ்வொருவர் கையிலும் 20 வில்லைகள் இருப்பதாகவும், ஒரு செய்திக்கு ஒரு வில்லை செலவாவதாகவும், ஆறு நொடிக்கு ஒரு வில்லை திரும்பக் கிடைப்பதாகவும் எண்ணிக்கொள்ளுங்கள். மனிதர் தட்டச்சு செய்யும் வேகத்தில் இந்த வரம்பு யாருக்கும் எட்டியதாக நாங்கள் பார்த்ததில்லை. நிரல் ஒன்று அனுப்பினால் உடனே எட்டிவிடும்.

எந்த எண்ணிக்கை சரி என்பதை எப்படி முடிவு செய்தீர்கள்?

ஊகித்து வைக்கவில்லை. முந்தைய மூன்று மாதப் பதிவுகளில், ஒவ்வொரு பெற்றோரும் 24 மணி நேரத்தில் எத்தனை புதிய ஆசிரியர்களை அணுகினார் என்று கணக்கிட்டோம். பெரும்பாலானோர் இரண்டு முதல் நான்கு பேரோடு நிறுத்திக்கொண்டிருந்தார்கள். எல்லாரையும்விட அதிகம் அணுகியவர், பள்ளியாண்டு தொடங்கும் ஜனவரியில் தம் இரு பிள்ளைகளுக்கும் தனித்தனி ஆசிரியர் தேடிய ஒரு தாய். அவர் 13 பேரை அணுகியிருந்தார். அவரைத் தடுக்கும் வரம்பு எங்களுக்கு வேண்டாம் என்பதால் 15 என்று வைத்தோம். புதிய கணக்குகளுக்கு மட்டும் முதல் மூன்று நாள் வரம்பு ஐந்து. அந்த 13 பேரை அணுகிய தாயின் கணக்கு ஓராண்டுப் பழையது என்பதையும், புதிதாக வருபவர் முதல் நாளிலேயே ஐவருக்குமேல் எழுதுவது மிக அரிது என்பதையும் பார்த்தபின்பே இந்தப் பிரிவைச் செய்தோம்.

சிங்கப்பூரில் இதற்குச் சட்டத்தின் எண்களும் உண்டு. ஸ்பேம் கன்ட்ரோல் ஆக்ட் எனப்படும் 2007ஆம் ஆண்டுச் சட்டம், ஒரே மாதிரியான உள்ளடக்கம் கொண்ட செய்திகளை 24 மணி நேரத்தில் 100க்குமேல், அல்லது 30 நாளில் 1,000க்குமேல், அல்லது ஓராண்டில் 10,000க்குமேல் அனுப்புவதை மொத்தமாக அனுப்புதல் என்று வரையறுக்கிறது. எங்கள் வரம்புக்குள் இருக்கும் ஒருவர் நாள்தோறும் முழு வரம்பையும் பயன்படுத்தினாலும், புதியவர்களுக்கு அனுப்பும் முதற்செய்திகள் 30 நாளில் 450, ஓராண்டில் 5,475 என்ற அளவோடு நின்றுவிடும். ஆனால் 100 என்ற சட்ட எண்ணை அப்படியே எடுத்து வரம்பாக வைத்துக்கொள்வதை நான் ஏற்கமாட்டேன். அது அனுப்புபவருடைய பொறுப்பைத் தீர்மானிக்கும் எண். எங்கள் ஆசிரியர்கள் ஓரிரவில் எத்தனை மோசடிச் செய்திகளைத் தாங்குவார்கள் என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை.

வரம்பு முடிந்ததும் அவர் இன்னொரு கணக்கைத் திறந்துகொள்வாரே?

திறந்துகொள்வார், அந்த வெள்ளிக்கிழமை இரவில் நாங்கள் கண்டது அதையேதான். பயனருக்கு ஒரு வரம்பு என்று சொல்லும்போது, பயனர் என்ற சொல்லுக்கு ஒரு விலை இருக்க வேண்டும். மின்னஞ்சல் முகவரிக்கு விலையே இல்லை. ஒரு புதிய கணக்கு ஐந்து பேரைத்தான் அணுகலாம் என்ற விதி அன்றே இருந்திருந்தால், 412 பேரை அடைய 83 கணக்குகள் தேவைப்பட்டிருக்கும். 83 மின்னஞ்சல் முகவரிகளை உருவாக்க ஒரு சிறு நிரல் போதும். 83 கைப்பேசி எண்கள் வேண்டும் என்றால் நிலைமை வேறு. இங்கே சிம் அட்டை வாங்குபவர் அடையாள ஆவணத்தோடு பதிவு செய்ய வேண்டும். ஒருவர் பெயரில் மூன்று ப்ரீபெய்ட் சிம்களுக்குமேல் இருக்க முடியாது. மாதக் கட்டண சிம்களுக்கும் 2024 ஏப்ரல் 15 முதல் பத்து என்ற உச்சவரம்பு வந்துவிட்டது. பிறர் பெயரிலுள்ள சிம்களை விலைக்கு வாங்கலாம்தான். ஆனால் அதற்குப் பணமும் நேரமும் செலவாகும், பிடிபட்டால் தண்டனையும் உண்டு.

எனவே கைப்பேசிச் சரிபார்ப்பு ஒருவர் நல்லவர் என்று சான்று தருவதில்லை. ஒரு கணக்கை இழந்தால் எதையோ இழக்கும் நிலையில் அவரை வைக்கிறது. அவ்வளவுதான் அதன் வேலை. அதனால்தான் ஓர் எண்ணுக்கு ஒரே கணக்கு என்ற விதி இல்லாத சரிபார்ப்பு வீண்.

சரிபார்ப்பை எந்த இடத்தில் கேட்பது என்பதிலும் கவனம் தேவை. பதிவு செய்யும்போதே எண்ணைக் கேட்டால், சும்மா பட்டியலைப் பார்க்க வந்தவர் தயங்கித் திரும்பிவிடுவார். முதல் செய்தியை எழுதி அனுப்பு பொத்தானை அழுத்தும்போது நாங்கள் கேட்கிறோம். அவர் எழுதிய செய்தி அழியாமல் காத்திருக்கும். எண் சரிபார்க்கப்பட்டதும் அதுவே போய்ச்சேரும்.

எல்லா நாட்டு எண்களையும் ஏற்றுக்கொள்ளலாமா?

வேண்டாம். உங்கள் பயனர்கள் எந்த நாட்டு எண்களை வைத்திருக்கிறார்கள் என்று பார்த்து, அவற்றை மட்டும் திறந்துவிடுங்கள். நாங்கள் `+65` எண்களில் 8 அல்லது 9இல் தொடங்கும் எட்டு இலக்கக் கைப்பேசி எண்களை ஏற்கிறோம். 6இல் தொடங்குபவை வீட்டுத் தொலைபேசிகள், 3இல் தொடங்குபவை இணையவழித் தொலைபேசிகள். ஜோகூர் பாருவிலிருந்து பாலம் கடந்து வந்து பாடம் நடத்தும் ஆசிரியர்கள் சிலர் இருப்பதால் `+60` எண்களும் உண்டு. தமிழகத்திலிருந்து அண்மையில் குடிவந்து இன்னும் பழைய எண்ணையே வைத்திருக்கும் பெற்றோர் எங்களுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினால், நாங்களே பார்த்துத் திறந்துவிடுகிறோம். வாரத்துக்கு ஓரிருவர்தான் அப்படி எழுதுகிறார்கள். அது ஒரு சுமையே அன்று.

எண்ணைச் சேமிப்பதற்குமுன் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர மறக்காதீர்கள். நாட்டுக் குறியீட்டோடு ஒருமுறை, அது இல்லாமல் ஒருமுறை, நடுவே இடைவெளி விட்டு ஒருமுறை என்று ஒரே எண்ணை மூன்று விதமாக எழுதி மூன்று கணக்குகளை ஒருவர் எங்களிடம் திறந்திருந்தார். கூட்டல் குறி, நாட்டுக் குறியீடு, இலக்கங்கள் என்ற அனைத்துலக வடிவத்தில் மட்டும் சேமித்தால் இது நடக்காது.

சரிபார்ப்புக் குறியீடு அனுப்பும் பொத்தானையே ஒருவர் தவறாகப் பயன்படுத்தினால்?

இதைக் கேட்பவர்கள் குறைவு. என்னைப் பொறுத்தவரை முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். குறியீடு அனுப்புக என்ற பொத்தானும் ஒரு செய்தி அனுப்பும் வசதியே. அதை அழுத்துபவர் இன்னும் சரிபார்க்கப்படாதவர். ஒவ்வொரு குறுஞ்செய்திக்கும் காசு கொடுப்பவர்கள் நாம். ஒரு தவறைத் தடுக்கக் கட்டிய கதவு வழியாகவே இன்னொரு தவறு உள்ளே வந்துவிடும்.

இரண்டு விதமாக வரும். ஒன்று, ஒரு தனிமனிதரைத் தொல்லைப்படுத்த அவருடைய எண்ணைத் திரும்பத் திரும்பக் கொடுப்பது. மற்றொன்று பணத்துக்காக நடப்பது: வெளிநாட்டில் ஒரு தொகுதி எண்களைக் கையில் வைத்திருப்பவர்கள், அந்த எண்களுக்கு வரும் குறுஞ்செய்திக் கட்டணத்தில் தங்களுக்கும் ஒரு பங்கு கிடைக்கும் என்பதற்காக, கண்ணில் படும் எல்லாச் செயலிகளிலும் குறியீடு கேட்டுக் குவிப்பார்கள். அவர்களுக்கு உங்கள் செயலியில் நுழையும் எண்ணமே இல்லை. குறுஞ்செய்தி போய்ச்சேர்ந்தால் போதும்.

சரிபார்ப்பைத் தொடங்கிய இரண்டாம் வாரத்தில் எங்களுக்கு இது நேர்ந்தது. அப்போது எல்லா நாட்டு எண்களையும் திறந்துவைத்திருந்தோம். வழக்கமாக அனுப்பும் பத்துக் குறியீடுகளில் எட்டோ ஒன்பதோ செயலியில் திரும்ப உள்ளிடப்படும். அன்று காலை பார்த்தால், இரவில் அனுப்பிய 340 குறியீடுகளில் இரண்டு மட்டுமே உள்ளிடப்பட்டிருந்தன. அந்த இரண்டும் சிங்கப்பூர் எண்கள். மற்ற எண்களை வரிசைப்படுத்தியபோது கடைசி மூன்று இலக்கங்கள் மட்டும் மாறி, ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கியதுபோல் இருந்தன. இந்த இரண்டு அறிகுறிகளும் சேர்ந்து தெரிந்தால் வேறு ஆராய்ச்சி தேவையில்லை. ஆகவே அனுப்பிய குறியீடுகளில் எத்தனை திரும்ப வந்தன என்ற விகிதத்தை நாடுவாரியாக மணிக்கொருமுறை பார்க்கும்படி செய்துகொள்ளுங்கள்.

பெரும்பகுதியைத் தடுத்தது நாடுகளின் பட்டியலைச் சுருக்கியதுதான். அதற்குமேல், ஓர் எண்ணுக்கு 60 நொடிக்கு ஒரு குறியீடு, 24 மணி நேரத்தில் ஐந்து குறியீடு என்று வைத்தோம். செயலி முழுவதற்கும் ஒரு மணி நேர உச்சவரம்பும் உண்டு. அது வழக்கமான மிகப் பரபரப்பான மணி நேரத்தின் மூன்று மடங்கு. எட்டினால் குறியீடு அனுப்புவது நின்று எங்களுக்கு எச்சரிக்கை வரும்.

ஐபி முகவரிக்கு வரம்பு வைக்கும்போது மட்டும் கை சற்றுத் தளர்ந்திருக்கட்டும். ஒரு பள்ளியிலோ, அலுவலகத்திலோ, ஊழியர் தங்கும் விடுதியிலோ நூற்றுக்கணக்கானோர் ஒரே முகவரியிலிருந்து வருவார்கள். கைப்பேசி இணையத்திலும் பலர் ஒரே முகவரியைப் பகிர்கிறார்கள். ஐபிக்கு மூன்று என்று முதலில் வைத்து, ஒரு தொடக்கப்பள்ளியில் நடந்த பெற்றோர் சந்திப்பின்போது பலரை வெளியே நிறுத்திவிட்டோம். இப்போது அது மணிக்கு 30.

ஆறு இலக்கக் குறியீட்டை ஊகித்தே நுழைந்துவிட முடியாதா?

முயற்சிகளை எண்ணாவிட்டால் முடியும். ஆறு இலக்கத்தில் ஒரு மில்லியன் சாத்தியங்கள் இருக்கின்றன. குறியீடு ஐந்து நிமிடம் செல்லும் என்றும், ஒரு நிரல் நொடிக்கு 100 முறை முயல்கிறது என்றும் வைத்துக்கொண்டால், ஒரு குறியீட்டுக்கு 30,000 முயற்சிகள். அதாவது நூற்றில் மூன்று வாய்ப்பு. சில டஜன் முறை திரும்பச் செய்தால், தம்மிடம் இல்லாத ஓர் எண்ணைத் தம்முடையது என்று அவர் சரிபார்த்துக்கொள்வார்.

ஒரு குறியீட்டுக்கு ஐந்து முயற்சி என்று நிறுத்தினால் வாய்ப்பு இரண்டு இலட்சத்தில் ஒன்றாகிவிடும். பலர் தவறவிடுவது அடுத்த படியை: புதிய குறியீடு கேட்டதும் முயற்சிக் கணக்கு பூஜ்யத்துக்குத் திரும்பினால், கேட்டுக்கேட்டே முயலலாம். ஓர் எண்ணுக்கு நாளுக்கு ஐந்து குறியீடு என்ற மேற்சொன்ன வரம்பு இங்கேயும் உதவுகிறது. மொத்தம் 25 முயற்சிகள், நாற்பதாயிரத்தில் ஒரு வாய்ப்பு. முயற்சிகளை எண்ணோடு சேர்த்து எண்ணுங்கள். உலாவியின் அமர்வோடு சேர்த்து எண்ணினால், அவர் அமர்வை மாற்றிக்கொண்டே போவார்.

நாங்கள் அனுப்பும் குறியீடு "Likely-SCAM" என்ற பெயரில் போய்ச்சேருகிறதே?

அனுப்புநர் பெயரை நீங்கள் பதிவு செய்யவில்லை என்று பொருள். சிங்கப்பூரில் 2023 ஜனவரி 31 முதல், எழுத்தாலான பெயரில் குறுஞ்செய்தி அனுப்பும் அமைப்புகள் குறுஞ்செய்தி அனுப்புநர் அடையாளப் பதிவேட்டில் அந்தப் பெயரைப் பதிவு செய்தாக வேண்டும்; பதியாத பெயர்கள் `Likely-SCAM` என்று மாற்றப்பட்டுத் திரையில் தெரியும். பதிவு செய்ய உங்கள் அமைப்புக்கு யூஇஎன் எனப்படும் நிறுவனப் பதிவு எண் வேண்டும். உங்களுக்காகக் குறுஞ்செய்தி அனுப்பும் நிறுவனமும் அந்தப் பதிவேட்டோடு இணைந்ததாக இருக்க வேண்டும். நண்பர்கள் சிலர் சேர்ந்து பொழுதுபோக்காகத் தொடங்கிய செயலிகளுக்கு யூஇஎன் இருப்பதில்லை. நாங்களும் அப்படித்தான் இருந்தோம். இதற்காகவே முறைப்படி வணிகமாகப் பதிந்துகொண்டோம்.

செய்தியின் வாசகத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆங்கிலத்தில் மட்டும் அனுப்புபவர்களுக்கு வராத சிக்கல் இது. ஆங்கில எழுத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 எழுத்துகள் கொள்ளும். தமிழில் 70 மட்டுமே. உயிர்மெய்யில் ஒவ்வொரு குறியும் புள்ளியும் தனியாக எண்ணப்படும் என்பதால் கு என்பது இரண்டு, ம் என்பதும் இரண்டு. “உங்கள் குறியீடு 482913. யாரிடமும் சொல்ல வேண்டாம்.” என்பது 49. அதோடு “5 நிமிடம் செல்லும்.” என்பதையும் சேர்த்தால் 69. இதற்குமேல் செயலியின் பெயரையும் எழுதினால் 70ஐத் தாண்டி இரண்டு செய்தியாகிவிடும், கட்டணமும் இரட்டிக்கும். அனுப்புநர் பெயரிலேயே செயலி தெரிவதால் நாங்கள் அதை விட்டுவிட்டோம். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்ற தொடரை மட்டும் எக்காரணத்துக்கும் விடாதீர்கள்; குறியீட்டைப் பிறரிடம் கேட்டு வாங்குவதே மிக எளிய மோசடி. இணைப்பு எதையும் சேர்க்காதீர்கள்.

வரம்பு 15 என்று வைத்திருக்கிறோம். ஆனால் ஒருவர் 31 பேருக்கு அனுப்பியிருக்கிறாரே?

வரம்பு எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று இரண்டு இடங்களில் பாருங்கள். நள்ளிரவில் பூஜ்யமாகும் நாட்கணக்காக இருந்தால், 11.55க்கு 15 பேர், 12.05க்கு 15 பேர் என்று பத்து நிமிடத்தில் 30 பேரை அடைந்துவிடலாம். அதனால்தான் கடந்த 24 மணி நேரம் என்று எண்ண வேண்டும்.

அதுவும் சரியாக இருந்தால், கோரிக்கைகள் ஒரே நேரத்தில் வந்திருக்கின்றன. இருபது கோரிக்கைகள் ஒரே நொடியில் வந்து, ஒவ்வொன்றும் தரவுத்தளத்தில் இதுவரை எத்தனை என்று கேட்டால், எல்லாவற்றுக்கும் 11 என்ற ஒரே விடைதான் கிடைக்கும். ஒவ்வொன்றும் வரம்புக்குள் இருப்பதாக நினைத்து எழுதிவிடும். 11 என்பது 31 ஆகும். பதிவுகளில் பல உரையாடல்களின் தொடக்க நேரம் நொடியின் பின்னம்வரை ஒன்றையொன்று ஒட்டியிருந்தால் காரணம் இதுவே. எண்ணுவதற்குமுன் அந்தப் பயனரின் வரிசையைப் பூட்டிவிட்டால், இரண்டாவது கோரிக்கை முதலாவது முடியும்வரை காத்திருக்கும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் அது இப்படி:

```sql
BEGIN;
SELECT id FROM users WHERE id = $1 FOR UPDATE;
SELECT count(*) FROM conversations
 WHERE started_by = $1
   AND started_at > now() - interval '24 hours';
-- எண்ணிக்கை 15க்குக் கீழே இருந்தால் மட்டும்:
INSERT INTO conversations (started_by, sent_to, started_at)
VALUES ($1, $2, now());
COMMIT;
```

பூட்டு ஒரு பயனருக்கு மட்டுமே என்பதால் மற்றவர்களுக்குத் தாமதம் வராது. எண்ணிக்கை வரம்பை எட்டியிருந்தால் `ROLLBACK` செய்துவிட்டு, `429` என்ற விடையோடு `Retry-After` தலைப்பில் இன்னும் எத்தனை நொடி என்பதையும் அனுப்புங்கள். திரையில், நாளை மாலை 4.20க்குப் பிறகு புதியவர்களுக்கு எழுதலாம். ஏற்கெனவே தொடங்கிய உரையாடல்களை இப்போதே தொடரலாம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். ஏதோ பிழை என்று மட்டும் காட்டினால், உண்மையான பெற்றோர் பொத்தானை இருபது முறை அழுத்துவார்.

எண்களை எப்படிச் சேமிப்பது?

செய்தி அனுப்ப எண் திரும்பத் தேவையில்லை என்றால் எண்ணையே வைத்திருக்காதீர்கள். தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் நாம் சேர்க்கும் ஒவ்வோர் எண்ணுக்கும் நாமே பொறுப்பு. எங்களுக்குத் தேவை இந்த எண் ஏற்கெனவே பயன்பட்டதா என்ற விடை மட்டுமே. அதற்காக எண்ணை `SHA-256` என்ற ஒருவழி முறையில் சுருக்கி வைத்தால் பாதுகாப்பு என்று சிலர் நினைக்கிறார்கள். 8இலும் 9இலும் தொடங்கும் எட்டு இலக்க எண்கள் மொத்தமே 20 மில்லியன். சாதாரண மடிக்கணினி அத்தனையையும் ஒரு நிமிடத்துக்குள் சுருக்கிப் பார்த்துப் பட்டியலை அவிழ்த்துவிடும். இரகசியச் சாவியோடு சேர்த்துச் சுருக்கும் `HMAC-SHA256` முறையைப் பயன்படுத்தி, அந்தச் சாவியைத் தரவுத்தளத்துக்கு வெளியே வையுங்கள்.

தடைசெய்யப்பட்ட எண்ணை என்றென்றைக்கும் தடைசெய்துவிடவும் கூடாது. கைவிடப்பட்ட எண்ணைத் தொலைபேசி நிறுவனங்கள் வேறொருவருக்குக் கொடுக்கும். நாங்கள் ஓராண்டுக்குப் பிறகு தடையை நீக்குகிறோம். ஆறு மாதம் வராத கணக்கு திரும்ப வந்தால், முதல் செய்திக்குமுன் எண்ணை மீண்டும் சரிபார்க்கச் சொல்கிறோம்.

சிங்பாஸ் இருக்கும்போது எதற்காகக் கைப்பேசி எண்?

சிங்பாஸ் இதைவிட உறுதியானது. ஒருவருக்கு ஒன்றுதான் இருக்க முடியும். ஆனால் ஜோகூர் பாருவில் வசிக்கும் எங்கள் ஆசிரியர்கள் சிலரிடம் அது இல்லை. ஒரு துணைப்பாட ஆசிரியரிடம் நேரம் கேட்பதற்காகத் தேசிய அடையாளத்தோடு உள்நுழையச் சொல்வது பெற்றோர் பலருக்கு அதிகமாகவே தோன்றும். பணப் பரிமாற்றம் உள்ள செயலியாக இருந்திருந்தால் நான் சிங்பாஸையே தேர்ந்தெடுத்திருப்பேன்.

தம் சொந்த எண்ணிலிருந்து பொறுமையாக நாளுக்கு ஐந்து பேருக்கு மட்டும் எழுதும் மோசடிக்காரரை என்ன செய்வது?

வரம்பும் சரிபார்ப்பும் அவரைத் தடுக்காது. அவர் யாருக்கு எழுதினாரோ, அவர்கள்தான் அவரைக் கண்டுபிடிக்க முடியும். எனவே ஒவ்வொரு முதற்செய்தியின் கீழும் புகார் பொத்தான் ஒன்றை வைத்திருக்கிறோம். அதை மூன்று புள்ளிகளுக்குள் மறைத்துவைப்பதில்லை. ஒருவர் கடைசியாக அணுகிய பத்துப் பேரில் இருவர் புகார் சொன்னால், அவர் புதிய உரையாடல் தொடங்குவது உடனே நின்றுவிடும். பழைய உரையாடல்கள் தொடரும். எங்களில் ஒருவர் பார்த்த பிறகே மீண்டும் திறக்கப்படும். ஒரே ஒரு புகாருக்கு நிறுத்தினால், கட்டணத்தில் உடன்படாத ஓர் ஆசிரியர் கோபத்தில் அழுத்தும் பொத்தானே ஒரு பெற்றோரை வெளியேற்றிவிடும். அதற்காகத்தான் இருவர் என்ற எண்.

கணக்கை முடக்குவதோடு நாங்கள் நிறுத்திக்கொள்வதில்லை. அவர் முன்பு எழுதிய ஒவ்வொருவருக்கும், இந்தச் செய்தி மோசடி என்று கருதுகிறோம், அந்த எண்ணுக்குப் பணம் அனுப்பியிருந்தால் உடனே உங்கள் வங்கியை அழையுங்கள், ஐயமிருந்தால் ஸ்கேம்ஷீல்ட் உதவி எண் 1799ஐக் கேளுங்கள், பணத்தை இழந்திருந்தால் காவல்துறையில் புகார் செய்யுங்கள் என்று செயலியிலேயே எழுதுகிறோம். சென்ற மாதம் அப்படி ஒருவர் ஏழு பேருக்கு எழுதியிருந்தார். மூன்றாமவரும் ஐந்தாமவரும் புகார் பொத்தானை அழுத்தினார்கள். ஏழாமவருக்கு அவருடைய செய்தி போய்ச்சேர்ந்த இருபதாவது நிமிடத்தில் எங்கள் எச்சரிக்கையும் சேர்ந்தது. அவர் அதற்குள் பதில் எழுதியிருக்கவில்லை.